எந்த விகிதத்தில் எவ்வளவு வரி? விற்பனைப் பட்டியலில் SUMIF, பிவட் டேபிள்

பாம்பனில் படகுக்காரர்களுக்குச் சாமான் விற்கும் ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். நைலான் வலை, என்ஜின் ஆயில், படகுக்கு அடிக்கும் பெயிண்ட், பேட்டரி, கருவாடு போடுபவர்களுக்குக் கல் உப்பு, மழைக்காலம் நெருங்கினால் நாலு குடை. இத்தனை பொருளுக்கும் ஒரே ஜி.எஸ்.டி வரி விகிதம் கிடையாது. வலைக்கு 5 சதவீதம், ஆயிலுக்கும் பெயிண்டுக்கும் 18, உப்புக்கு வரியே இல்லை. மாதம் முடிந்ததும் ராமநாதபுரத்திலிருந்து கணக்குப் பார்ப்பவர் போன் போட்டு, "மொத்த வரி வேண்டாம்ணே, ஒவ்வொரு விகிதத்துக்கும் தனித்தனியா சொல்லுங்க" என்பார். அவர் அப்படிக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. பதிவு எண் இல்லாத வாடிக்கையாளர்களுக்கு விற்றதை ஜி.எஸ்.டி.ஆர்-1 படிவத்தின் 7-ஆம் அட்டவணையில் விகிதவாரியாகத்தான் நிரப்ப வேண்டும்.

இதைக் கால்குலேட்டரில் கூட்டலாம். பில் இருபது முப்பதுக்குள் என்றால் அதுவே போதும். படகுகள் கடலுக்குப் போவதற்கு முந்தின நாள் சாயங்காலம் மட்டும் ஐம்பது பில் போடும் கடைக்கு அது நடக்காது. விற்பனைப் பட்டியல் எக்செல் ஷீட்டில் இருந்தால், இந்தக் கூட்டலை இரண்டு வழியில் செய்யலாம். ஒன்று SUMIF என்ற ஃபார்முலா. இன்னொன்று பட்டியலைத் தானாகவே வகைபிரித்துக் கூட்டிக் காட்டும் பிவட் டேபிள். இரண்டையும் ஒரே பட்டியலில் செய்து பார்ப்போம்.

அதற்கு 2025 செப்டம்பர் மாதத்தை வேண்டுமென்றே எடுக்கிறேன். அந்த மாதம் 22-ஆம் தேதி வரி விகிதங்கள் மாறின. 12 சதவீதத்தில் இருந்த குடை 5-க்கு வந்தது. 28-இல் இருந்த சாதாரண லெட் ஆசிட் பேட்டரி 18-க்கு இறங்கியது. ஆகவே ஒரே மாதப் பட்டியலில் ஒரே பொருள் இரண்டு விகிதத்தில் நிற்கிறது. பொருளின் பெயரைப் பார்த்துக் கூட்டினால் கணக்கு கெட்டுப்போகும். பில் போட்ட அன்றைக்கு இருந்த விகிதத்தைப் பார்த்துத்தான் கூட்ட வேண்டும். கற்றுக்கொள்ள இதைவிட நல்ல மாதம் கிடைக்காது.

பட்டியலைச் சின்னதாக வைத்துக்கொள்கிறேன். தொகைகள் எல்லாம் உதாரணத்துக்கு எழுதியவை. முதல் வரிசை தலைப்பு, அதற்குக் கீழே 2 முதல் 11 வரை விற்பனை.

| வரிசை | A தேதி | B பில் | C பொருள் | D விகிதம் | E மதிப்பு | F வரி |
|---|---|---|---|---|---|---|
| 2 | 3-9-2025 | 101 | நைலான் வலை | 5% | 12000 | 600 |
| 3 | 5-9-2025 | 102 | என்ஜின் ஆயில் | 18% | 4500 | 810 |
| 4 | 9-9-2025 | 103 | பேட்டரி | 28% | 8000 | 2240 |
| 5 | 12-9-2025 | 104 | குடை | 12% | 1500 | 180 |
| 6 | 15-9-2025 | 105 | கல் உப்பு | 0% | 2000 | 0 |
| 7 | 18-9-2025 | 106 | பெயிண்ட் | 18% | 6000 | 1080 |
| 8 | 23-9-2025 | 107 | பேட்டரி | 18% | 8000 | 1440 |
| 9 | 23-9-2025 | 107 | குடை | 5% | 1000 | 50 |
| 10 | 26-9-2025 | 108 | நைலான் வலை | 5% | 9000 | 450 |
| 11 | 29-9-2025 | 109 | என்ஜின் ஆயில் | 18% | 5000 | 900 |

E பத்தியில் இருப்பது வரி சேர்க்காத விலை. F-இல் இருப்பது அதன் மேல் வாங்கிய வரி, சி.ஜி.எஸ்.டி, எஸ்.ஜி.எஸ்.டி இரண்டும் சேர்த்து.

8, 9-ஆம் வரிசைகளைப் பாருங்கள். இரண்டுக்கும் பில் எண் 107 தான். ஒரே ஆள் ஒரு பேட்டரியும் சில குடைகளும் வாங்கியிருக்கிறார். பலரும் இந்த இடத்தில், பில்லுக்கு ஒரு வரிசை போதும் என்று நினைத்து 9000 ரூபாய் மதிப்பு, 1490 ரூபாய் வரி என்று சேர்த்து எழுதிவிடுகிறார்கள். அப்படி எழுதினால் D பத்தியில் என்ன போடுவது? 9000-க்கு 1490 என்பது ஏறக்குறைய பதினாறரை சதவீதம். அப்படி ஒரு விகிதமே கிடையாது. அந்த வரிசையை எந்த ஃபார்முலாவாலும் பிரித்துச் சேர்க்க முடியாது. ஒரு பில்லில் எத்தனை விகிதம் இருக்கிறதோ அத்தனை வரிசை வேண்டும். ஒரே விகிதத்தில் ஐந்து பொருள் இருந்தால் அவற்றைச் சேர்த்து ஒரே வரிசையாக எழுதிக்கொள்ளலாம், தப்பில்லை.

வரி இல்லாத உப்புக்கு D பத்தியைக் காலியாக விடாமல் 0% என்று எழுதியிருப்பதற்கும் காரணம் உண்டு. அதைப் பின்னால் பார்ப்போம்.

சரி, முதலில் SUMIF. இந்த ஃபார்முலா மூன்று கேள்வி கேட்கும். எங்கே தேட வேண்டும், எதைத் தேட வேண்டும், கண்டால் எதைக் கூட்ட வேண்டும். நம் கணக்கில், D பத்தியில் தேடு, 18% என்று இருக்கிறதா பார், இருந்தால் அதே வரிசையில் F-இல் இருக்கும் தொகையைக் கூட்டு.

```
=SUMIF(D2:D11,18%,F2:F11)
```

இதை ஏதாவது ஒரு காலிக் கட்டத்தில் அடித்தால் 4230 வரும். 810, 1080, 1440, 900 நான்கும் சேர்ந்த தொகை அது.

ஒவ்வொரு விகிதத்துக்கும் இப்படித் தனித்தனியாக எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். பக்கத்தில் ஒரு சின்னப் பட்டியல் போடுங்கள். H பத்தியில் விகிதங்கள், I-இல் மதிப்பின் கூட்டல், J-இல் வரியின் கூட்டல். H2-இல் 5% என்று எழுதிவிட்டு I2-இல் இதை அடியுங்கள்.

```
=SUMIF($D$2:$D$11,$H2,E$2:E$11)
```

டாலர் குறிகளைப் பார்த்து மிரள வேண்டாம். ஃபார்முலாவை வேறு கட்டத்துக்குக் காப்பி செய்யும்போது எது நகரக் கூடாது என்று சொல்வதற்குத்தான் அவை. எழுத்துக்கு முன் டாலர் இருந்தால் பத்தி நகராது, எண்ணுக்கு முன் இருந்தால் வரிசை நகராது. மேலே உள்ள ஃபார்முலாவின் எழுத்துகளில் E-க்கு முன்னால் மட்டும் டாலர் இல்லை, எண்களில் H-ஐ அடுத்த 2-க்கு முன்னால் மட்டும் இல்லை. அதனால் I2-ஐ வலப்பக்கம் J2-க்கு இழுத்தால் E தானாக F ஆகிவிடும், மற்றதெல்லாம் அப்படியே இருக்கும். அப்புறம் இரண்டு கட்டங்களையும் பிடித்துக் கீழே இழுத்தால் H3, H4 என்று அடுத்தடுத்த விகிதங்களுக்கும் கூட்டல் வந்துவிடும். ஒரு தடவை எழுதி, இரண்டு தடவை இழுத்தால் போதும்.

இப்போது ஒரு விஷயம். கடைக்காரர் இந்தப் பட்டியலை அக்டோபர் முதல் வாரத்தில் போடுகிறார். அவர் மனதில் புது விகிதங்கள்தான் இருக்கின்றன. H பத்தியில் 5%, 18% என்று இரண்டை மட்டும் எழுதுகிறார். 5-க்கு 1100, 18-க்கு 4230, மொத்தம் 5330 ரூபாய் என்று வருகிறது. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது, எந்தப் பிழைச் செய்தியும் வரவில்லை. ஆனால் F பத்தி முழுவதையும் கூட்டினால் 7750. இடையில் 2420 ரூபாய் காணவில்லை.

அந்த 2420 எங்கே போனது என்று தேட வேண்டியதில்லை. 9-ஆம் தேதி விற்ற பேட்டரியின் 28 சதவீத வரி 2240, 12-ஆம் தேதிக் குடையின் 12 சதவீத வரி 180, இரண்டும் சேர்ந்தால் சரியாக 2420. SUMIF நீங்கள் கேட்ட விகிதத்தை மட்டும்தான் தேடும். கேட்காத விகிதம் பட்டியலில் இருக்கிறது என்று அது சொல்லவே சொல்லாது. ஆகவே கூட்டல் பட்டியலுக்குக் கீழே இப்படி ஒரு கட்டம் எப்போதும் இருக்க வேண்டும்.

```
=SUM(F2:F11)-SUM(J2:J6)
```

H2 முதல் H6 வரை 0%, 5%, 12%, 18%, 28% என்று ஐந்து விகிதங்களையும் எழுதிவிட்டால் இங்கே பூஜ்யம் வரும். பூஜ்யம் இல்லை என்றால் ஏதோ ஒரு வரிசை எந்த விகிதத்திலும் சேராமல் வெளியே நிற்கிறது என்று அர்த்தம். இதே சோதனையை மதிப்புப் பத்திக்கும் போடுங்கள், F-க்குப் பதில் E, J-க்குப் பதில் I. அதை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்றால், உப்பு விற்ற வரிசைக்காக. அங்கே D கட்டத்தைக் காலியாக விட்டிருந்தால் SUMIF அதை 0% என்று எடுத்துக்கொள்ளாது. காலி வேறு, பூஜ்யம் வேறு. உப்பின் 2000 ரூபாய் எதிலும் சேராமல் போய்விடும். உப்புக்கு வரி பூஜ்யம் என்பதால் வரிப் பத்தியின் சோதனை "சரி" என்றே காட்டும். மதிப்புப் பத்தியின் சோதனைதான் 2000 குறைகிறது என்று காட்டிக்கொடுக்கும். வரி இல்லாத விற்பனையையும் ஜி.எஸ்.டி.ஆர்-1-இல் 8-ஆம் அட்டவணையில் காட்ட வேண்டியிருப்பதால் இதை விட்டுவிட முடியாது.

எல்லாம் சரியாக இருந்தால் கூட்டல் பட்டியல் இப்படி வரும்.

| H விகிதம் | I மதிப்பு | J வரி |
|---|---|---|
| 0% | 2000 | 0 |
| 5% | 22000 | 1100 |
| 12% | 1500 | 180 |
| 18% | 23500 | 4230 |
| 28% | 8000 | 2240 |
| மொத்தம் | 57000 | 7750 |

தமிழ்நாட்டுக்குள் விற்றதென்றால் ஒவ்வொரு வரித் தொகையும் சரிபாதியாக சி.ஜி.எஸ்.டி, எஸ்.ஜி.எஸ்.டி என்று பிரியும். 18 சதவீதத்தில் 4230 என்றால் அங்கே 2115, இங்கே 2115.

அடுத்து பிவட் டேபிள். இதில் ஃபார்முலா எதுவும் எழுத வேண்டாம். விற்பனைப் பட்டியலுக்குள் ஏதாவது ஒரு கட்டத்தில் கிளிக் செய்துவிட்டு, எக்செல்லில் மேலே Insert, அதில் PivotTable. எந்த இடத்தை எடுத்துக்கொள்கிறது என்று காட்டும். A1 முதல் F11 வரை சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு New Worksheet, OK. புது ஷீட் ஒன்று திறக்கும். வலப்பக்கம் உங்கள் பட்டியலின் தலைப்புகள் வரிசையாக இருக்கும். அதில் "விகிதம்" என்பதைப் பிடித்து Rows பெட்டிக்குள் போடுங்கள். "மதிப்பு", "வரி" இரண்டையும் Values பெட்டிக்குள் போடுங்கள். அவ்வளவுதான். மேலே பார்த்த அதே ஐந்து விகிதங்கள், அதே தொகைகள், கீழே மொத்தம் 57000, 7750. கூகுள் ஷீட்ஸிலும் Insert, Pivot table என்று போய், Rows, Values இரண்டுக்கும் பக்கத்தில் உள்ள Add பட்டனை அழுத்தி அதே தலைப்புகளைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

இதில் முக்கியமான வித்தியாசம் ஒன்று உண்டு. விகிதங்களை நாம் எழுதிக் கொடுக்கவில்லை. பட்டியலில் என்னென்ன விகிதம் இருக்கிறதோ அத்தனையையும் பிவட் தானாகவே எடுத்து அடுக்கிவிட்டது. கடைக்காரர் 12-ஐயும் 28-ஐயும் மறந்திருந்தாலும் பிவட் மறக்காது. உப்பு வரிசையில் விகிதம் காலியாக இருந்தால் (blank) என்று தனி வரிசையே போட்டுக் காட்டும். யாரோ 18-ஐ 81% என்று அடித்திருந்தால், அதுவும் ஒரு வரிசையாக வந்து நிற்கும். ஒரு பார்வையில் கண்ணில் படும். அதனால் என் வழக்கம், பட்டியல் கைக்கு வந்ததும் முதலில் ஒரு பிவட் போட்டு என்னென்ன விகிதம் இருக்கிறது என்று பார்ப்பது. மாதாமாதம் ஒரே அமைப்பில் அனுப்ப வேண்டிய தாளுக்கு SUMIF. பிவட் மட்டுமே போதும் என்று சொல்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் எக்செல்லில் பட்டியலைத் திருத்தினால் SUMIF உடனே மாறும், பிவட் பல பதிப்புகளில் தானாக மாறாது. அதன் மேல் ரைட் கிளிக் செய்து Refresh கொடுக்க வேண்டும். கடைசி நேரத்தில் ஒரு பில்லைத் திருத்திவிட்டு, பழைய பிவட் தொகையை அனுப்பிவிடும் ஆபத்து அதில் இருக்கிறது.

பிவட் போடுபவர்கள் பட்டியலின் அடியில் ஏற்கெனவே "மொத்தம்" என்று ஒரு வரிசை இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். இருந்தால் அதையும் ஒரு விற்பனையாக எண்ணிக் கூட்டி, கடைசியில் 7750-க்குப் பதில் 15500 காட்டும். SUMIF-க்கு இந்தத் தொல்லை இல்லை, மொத்த வரிசையில் விகிதம் எதுவும் எழுதியிருக்காது என்பதால் அதைத் தொடாது.

இனி, பூஜ்யம் வந்தும் கணக்கு தப்பாக இருக்கும் ஒரு நிலைமை. இதைத்தான் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

7-ஆம் வரிசையில் பெயிண்டுக்கான வரி 1080. அதை யாரோ "ரூ 1080" என்று அடித்துவிட்டார்கள். அல்லது பில்லிங் சாஃப்ட்வேரிலிருந்து காப்பி செய்து ஒட்டியபோது எண்ணுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. நமக்கு அது 1080 தான். எக்செல்லுக்கு அது எண் இல்லை, எழுத்து. SUMIF அதைக் கூட்டாமல் தாண்டிப் போய்விடும். 18 சதவீதத்துக்கு 4230 வர வேண்டிய இடத்தில் 3150 வரும். சரி, நம் சோதனைக் கட்டம் இதைப் பிடித்துவிடும் அல்லவா? பிடிக்காது. ஏனென்றால் SUM-உம் அந்தக் கட்டத்தைத் தாண்டித்தான் போகிறது. முழுப் பத்தியின் கூட்டல் 6670, விகிதவாரிக் கூட்டல் 6670, வித்தியாசம் பூஜ்யம். இரண்டு பக்கமும் ஒரே அளவு குறைந்திருப்பதால் எல்லாம் சரி என்றே தெரியும்.

அதனால் இரண்டாவது சோதனை ஒன்று தேவை. மதிப்பை விகிதத்தால் பெருக்கினால் வரி வர வேண்டும். K2-இல் இதை எழுதிக் கீழே இழுங்கள்.

```
=ROUND(H2*I2,2)-J2
```

18 சதவீத வரிசையில் 23500 பெருக்கல் 18% என்றால் 4230. J-இல் இருப்பது 3150. K-இல் 1080 என்று வந்து நிற்கும். எந்த விகிதத்தில் தப்பு, எவ்வளவு தொகை, இரண்டும் தெரிந்துவிட்டது. 18% வரிசைகளை மட்டும் ஃபில்டர் செய்து 1080-ஐத் தேடினால் குற்றவாளி கிடைத்துவிடுவார். கண்ணாலும் பிடிக்கலாம்: நீங்களாக இடம் மாற்றி வைக்கவில்லை என்றால் எண் கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து இடப்பக்கம் ஒட்டி நிற்கும். பிவட்டிலும் ஒரு துப்பு கிடைக்கும். ஒரு பத்தியில் எழுத்து கலந்திருந்தால், Values-இல் போட்டதும் கூட்டலுக்குப் பதிலாகப் பெரும்பாலும் Count என்று எண்ணிக்கையைக் காட்டும். 18 சதவீதத்துக்கு வரி 4 ரூபாய் என்று வந்தால் அது வரி அல்ல, நான்கு வரிசை இருக்கிறது என்று சொல்கிறது. பலர் அதை Sum என்று மாற்றிவிட்டு மேலே போய்விடுவார்கள். மாற்றுவதற்கு முன் ஏன் Count வந்தது என்று பார்ப்பதுதான் நல்லது. சரிசெய்வது சுலபம். ஓரிரண்டு கட்டம் என்றால் திரும்ப அடித்துவிடலாம். நிறைய இருந்தால் அந்தப் பத்தியைத் தேர்ந்தெடுத்து, Ctrl+H அழுத்தி, "ரூ" என்பதையோ, கட்டத்திலிருந்தே காப்பி செய்த அந்த இடைவெளியையோ தேடச் சொல்லி, அதற்குப் பதில் ஒன்றும் இல்லாமல் Replace All கொடுத்தால் எழுத்து நீங்கி எண் மட்டும் நிற்கும்.

நிஜப் பட்டியலில் இந்த K பத்தியில் சில பைசாக்கள் வரத்தான் செய்யும். ஒவ்வொரு பில்லிலும் வரியைப் பைசாவுக்குத் திருத்தி எழுதுவதால் சேரும் வித்தியாசம் அது. சில நூறு வரிசைக்கு ஓரிரண்டு ரூபாய்க்குள் இருந்தால் கவலைப்பட வேண்டாம். நூறு, ஆயிரம் என்று போனால் தேட வேண்டும்.

பைசா என்றதும் இன்னொரு சிக்கல் நினைவுக்கு வருகிறது. சில பட்டியல்களில் விகிதம் எழுதியே இருக்காது. மதிப்பும் வரியும் மட்டும் இருக்கும். அப்போது கெட்டிக்காரத்தனமாக, வரியை மதிப்பால் வகுத்து விகிதத்தைக் கண்டுபிடித்துவிடலாம் என்று தோன்றும். வரி சேர்த்து 500 ரூபாய் விலையுள்ள ஆயில் டப்பா ஒன்றைப் பாருங்கள். 18 சதவீதம் என்றால் மதிப்பு 423.73, வரி 76.27. இப்போது 76.27-ஐ 423.73-ஆல் வகுத்தால் 0.18 வராது, 0.179997 என்று வரும். கட்டத்தில் சதவீதமாகக் காட்டச் சொன்னால் 18% என்றுதான் தெரியும். ஆனால் உள்ளே இருப்பது வேறு எண். SUMIF அதை 18% என்று ஏற்காது. பிவட்டில் 18-க்குப் பக்கத்தில் அதே போலத் தோன்றும் வரிசைகள் நாலைந்து வரும். வகுத்தே ஆக வேண்டும் என்றால் இரண்டு தசமத்துக்குத் திருத்திவிடுங்கள்.

```
=ROUND(F2/E2,2)
```

இப்படிச் செய்தால் 0.179997 என்பது 0.18 ஆகிவிடும். ஒரு ரூபாய், இரண்டு ரூபாய்ச் சாமான்களுக்கு இதுவும் தவறலாம், அவற்றில் ஒரு பைசா வித்தியாசமே விகிதத்தை மாற்றிவிடும். பில் போடும்போதே விகிதத்தை எழுதிவைப்பதற்கு இணை எதுவும் இல்லை.

அதே D பத்தியில் சிலர் 18% என்றும் சிலர் வெறும் 18 என்றும் எழுதுவார்கள். கடையில் இரண்டு பேர் பில் போட்டால் இது கட்டாயம் நடக்கும். 18% என்று அடித்தால் எக்செல் உள்ளே 0.18 என்று வைத்துக்கொள்கிறது. வெறும் 18 என்பது பதினெட்டு. இரண்டும் பொருந்தாது. முதலில் பிவட் போட்டுப் பார்க்கும் பழக்கம் இதையும் காட்டிவிடும்.

SUMIF-இல் இன்னும் ஒன்று மட்டும். தேடும் இடமும் கூட்டும் இடமும் ஒரே வரிசையில் தொடங்க வேண்டும். தெரியாமல் D2:D11 என்றும் F3:F12 என்றும் எழுதிவிட்டால் எக்செல் ஒன்றும் சொல்லாது. ஒவ்வொரு விகிதத்துக்கும் அடுத்த வரிசையின் வரியை எடுத்துக் கூட்டிக்கொண்டே போகும். இதைத் தவிர்க்க முழுப் பத்தியையும் கொடுத்துவிடலாம்.

```
=SUMIF(D:D,H2,F:F)
```

இதில் இன்னொரு வசதி, அடுத்த நாள் பில்களைக் கீழே சேர்த்துக்கொண்டே போகலாம், ஃபார்முலாவைத் தொட வேண்டாம். அப்படிச் செய்யும்போது சோதனைக் கட்டத்திலும் =SUM(F:F) என்று முழுப் பத்தியையே கொடுங்கள். கூட்டல் பட்டியலை D, E, F பத்திகளுக்குள் வைக்காமல் தள்ளி வைக்க வேண்டும், பட்டியலின் அடியில் மொத்த வரிசையும் இருக்கக் கூடாது.

அக்டோபர் பட்டியலில் 12-உம் 28-உம் இருக்காது, H பத்தியிலிருந்து எடுத்துவிடலாம் என்று நினைக்கத் தோன்றும். செப்டம்பர் 9-ஆம் தேதி வாங்கிய பேட்டரி சரியில்லை என்று படகுக்காரர் அக்டோபரில் திருப்பிக் கொண்டுவந்தால்? பணத்தைத் திருப்பிக் கொடுத்து, கிரெடிட் நோட் போடும்போது அதில் வர வேண்டியது விற்ற அன்றைய 28 சதவீதம்தான், இன்றைய 18 அல்ல. பட்டியலில் அது 28%, -8000, -2240 என்று கழித்தல் குறியோடு ஒரு வரிசையாகப் போகும். SUMIF-உம் பிவட்டும் கழித்தல் எண்ணைத் தானாகவே கழித்துக்கொள்ளும். அந்த மாதம் 28 சதவீதத்தில் விற்பனை எதுவும் இல்லாததால் கூட்டலே -2240 என்று வரும். அது பிழை அல்ல. கணக்குப் பார்ப்பவருக்கு அந்த வரிசையைத் தனியாகச் சுட்டிக்காட்டி, எந்தப் பில்லுக்கான கிரெடிட் நோட் என்ற எண்ணையும் சேர்த்து அனுப்பினால் அவர் மறுபடியும் போன் போட வேண்டியிருக்காது.